ஒடுக்குக்குப் பதவி உயர்வு

அன்று சாயங்காலம் எங்கள் ஊர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது லிட்டர் பால் காணாமல் போனது. கொள்முதல் பதிவேட்டில் 500 லிட்டர் ஏறியிருந்தது. நாற்பது லிட்டர் கேனில் ஊற்றினால் பன்னிரண்டரை கேன் வர வேண்டும். லாரிக்காகத் திண்ணையில் நின்றதோ பன்னிரண்டு.

செயலாளர் முதலில் அளவையாளர் ராசாத்தியைப் பார்த்தார். சங்கத்தில் எது குறைந்தாலும் முதல் பார்வை அங்கேதான் போகும். சம்பளம் குறைந்தவர்மேல்தானே சந்தேகம் அதிகம் விழும்! அப்புறம் உற்பத்தியாளர்கள் பக்கம் திரும்பி, “எவனாச்சும் தண்ணி கலந்துட்டானா?” என்று உறுமினார். தண்ணீர் கலந்தால் பால் கூடுமே தவிரக் குறையாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

ராசாத்தி லிட்டர் அளவையைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் கவனித்தாள். கைப்பிடிக்குப் பின்புறம், அடிக்குச் சற்று மேலே, உள்பக்கமாக ஒடுக்கு விழுந்திருந்தது. போன வாரம் லாரியில் ஏற்றும்போது கேன் சரிந்து அதன்மேல் விழுந்தது அவள் நினைவுக்கு வந்தது. அரை லிட்டர் அளவையில் இரண்டு முறை தண்ணீர் மொண்டு, தட்டில் வைத்த லிட்டர் அளவைக்குள் ஊற்றினாள். ஒரு லிட்டரைக் கொள்ள வேண்டிய அளவை கொள்ளாமல் வழிந்தது. வழிந்த தண்ணீரைக் கொழுப்புச் சோதனைக்கு வைத்திருக்கும் பிப்பெட்டால் உறிஞ்சினாள். அது ஒரு தடவைக்கு 10.75 மில்லி எடுக்கும். நாலு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

“சார், லிட்டருக்கு நாப்பது மில்லி புடிக்க மாட்டேங்குது. நாம லிட்டர்னு எழுதுறது தொள்ளாயிரத்து அறுபதுதான். ஐநூறு தடவை மொண்டா இருபது லிட்டர் கணக்கு இடிக்குது.”

செயலாளரின் முகம் வெளுத்தது. “அப்படின்னா மாட்டுக்காரனுக்கு நாம அதிகமாவா குடுத்திருக்கோம்?”

அதன்பிறகு அந்தச் சங்கத்துக்கு வந்த வேகத்தை இந்த ஊர் கண்டதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடியது. படுத்த படுக்கையாய் இருந்த உறுப்பினர்கூட ஆட்டோவில் வந்து கையெழுத்துப் போட்டார். விடிவதற்குள் முத்திரையிட்ட புது அளவை வந்து இறங்கியது.

இதே சங்கத்தில்தான் முன்பு ஓர் அளவை இருந்தது. அதன் அடித்தட்டு வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும். புடைத்த அளவை கூடுதலாகப் பால் வாங்கும். பதிவேட்டில் மட்டும் ஒரு லிட்டர் என்றே ஏறும். மாடு வைத்திருந்தவர்கள் மனு கொடுத்தார்கள். “அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே எழுதினார்கள். அந்த அளவை, தானாக ஓட்டை விழுந்து ஓய்வு பெறும்வரை சங்கத்துக்கு உழைத்தது. வெளியே புடைத்தால் பரிசீலனை, உள்ளே ஒடுங்கினால் அவசரக் கூட்டம்.

அவசரக் கூட்டத்தின் முதல் தீர்மானம்: உற்பத்தியாளர்கள் ‘முறையின்றி அடைந்த ஆதாயத்தை’ அடுத்த பால் பட்டுவாடாவில் நூற்றுக்கு நாலு வீதம் பிடித்தம் செய்வது. எந்தத் தேதியிலிருந்து?

“ஒடுக்கு விழுந்து ஒரு வாரம்தானுங்க ஆச்சு” என்றாள் ராசாத்தி.

“அதுக்கு ஆதாரம் இருக்கா? முத்திரை போட்ட தேதிக்குத்தான் ஆதாரம் இருக்கு. அன்னையிலிருந்து புடிப்போம்” என்றார் தலைவர்.

முத்திரை போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஏழு நாள் ஒடுக்குக்கு ஒன்றரை வருடப் பிடித்தம்! ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு காலையில் மூன்று லிட்டரும் மாலையில் இரண்டு லிட்டரும் ஊற்றும் கிழவியின் பட்டுவாடாச் சீட்டிலும் அது ஏறியது. “நான் என்ன சாமி திருடினேன்?” என்று கேட்டாள். திருடியதாக யாரும் சொல்லவில்லையே, ஆதாயம் அடைந்தாள் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்! கூட்டுறவில் மரியாதை முக்கியம்.

இரண்டாவது தீர்மானம் மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது. ஒடுங்கிய அளவை காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று ராசாத்தி நினைத்திருந்தாள். அது உள்ளூர் விற்பனை ஜன்னலில், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கொள்முதலில் சங்கத்துக்கு நட்டம் உண்டாக்கிய பாவி, விற்பனையில் லாபம் தேடித்தரும் புண்ணியவானாகிவிட்டான். இங்கே குறைவாகக் கொள்வதுதானே அவன் தகுதி!

“சார், இது கொறவா காட்டுதுன்னு நேத்துதானுங்க நிரூபிச்சோம்.”

“வாங்குறதுக்குத்தான் கொற. விக்கிறதுக்கு என்ன கொற?”

“ஒடுக்கெடுக்கறவர்கிட்ட குடுத்துத் தட்டிட்டாவது...”

“முத்திரை வாங்கின அளவையில சுத்தியல் வைக்கிறதா? ரிப்பேர் பண்ணினா மறுமுத்திரை வாங்கணும். சட்டம் தெரியுமா உனக்கு?”

செயலாளர் சொன்ன சட்டம் சரிதான். பழுது பார்த்த அளவையை மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்காமல் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அதே சட்டம், குறைவாகக் கொள்ளும் அளவையால் விற்பதையும் குற்றம் என்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் செயலாளர் தமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் ஒடுக்கெடுத்து வைத்திருந்தார்.

ஜன்னலில் ஒரு நாளைக்கு 150 லிட்டர் போகும். லிட்டருக்கு நாற்பது மில்லி வீதம் ஆறு லிட்டர் மிச்சம். லிட்டர் ஐம்பது ரூபாய் என்றால் தினம் முந்நூறு ரூபாய். எந்தப் பதிவேட்டிலும் அந்த ஆறு லிட்டர் கிடையாது. தலைவர் வீட்டுத் தயிரில் உண்டு, செயலாளர் மகள் நிச்சயதார்த்தத்துப் பாயசத்தில் உண்டு, தணிக்கைக்கு வந்தவர் பாராட்டிய காப்பியில் உண்டு. பிள்ளைப் பாலுக்குச் சொம்போடு நிற்பவளிடம் நாற்பது மில்லி, டீக்கடைக்காரரிடம் பத்து லிட்டருக்கு நானூறு மில்லி என்று ஊரே சந்தா கட்டிக்கொண்டிருந்தது. ரசீதுதான் இல்லை.

மூன்றாம் நாள் ராசாத்தி ஒரு காரியம் செய்தாள். ஜன்னலுக்கு அரை லிட்டர் அளவையை எடுத்துப் போனாள். லிட்டர் கேட்டவர்களுக்கெல்லாம் நுரை அடங்கவிட்டு, விளிம்பு முட்ட, இரண்டு அரை ஊற்றினாள். “என்னம்மா, இன்னைக்குச் சொம்பு நெறஞ்சிருக்கு?” என்றாள் ஒருத்தி. அந்த ஒரு கேள்வி போதாதா? மாலைக்குள் குறிப்பாணை வந்துவிட்டது.

குற்றச்சாட்டு ஒன்று: சங்கச் சொத்தான லிட்டர் அளவையைப் பயன்படுத்த மறுத்தது. இரண்டு: ஒரு முறை ஊற்ற வேண்டியதை இரண்டு முறை ஊற்றிப் பணி நேரத்தை வீணடித்தது. மூன்று: சங்கத்துக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் இழப்பு ஏற்படுத்தியது.

மூன்றாவதைப் படித்துவிட்டு ராசாத்தி சிரித்தாள். கணக்கிலேயே இல்லாத ஆறு லிட்டரை அவர்களே எழுதி, கையெழுத்தும் போட்டு, சங்க முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நகலெடுத்து, ஒரு மனுவோடு சேர்த்துத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஆய்வாளர் வந்து அளவையைப் பறிமுதல் செய்தார். செயலாளர் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு மாற்றப்பட்டார். அவர் செய்த குற்றத்துக்கு அந்த ஊருக்கு ஏன் தண்டனை என்று யாரும் கேட்கவில்லை. கிழவியிடம் பிடித்த பணம் மட்டும் இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. ராசாத்திக்கு வேலை இல்லை.

வாசகரே, உங்கள் ஊரிலும் பால் ஜன்னல் இருக்கும். அளவையைக் கையில் வாங்கிப் பாருங்கள். முத்திரையில் வருடம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். முத்திரை சரியாக இருந்தாலும் அடியையும் பக்கத்தையும் விரலால் தடவுங்கள். ஒடுக்கு தட்டுப்பட்டால் இரண்டு அரை லிட்டராக ஊற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று சண்டை போடுங்கள். ராசாத்திக்காக அன்று வரிசையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நிறைந்த சொம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.