கருவுக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது

கேள்வி: எங்கள் இருவருக்கும் நோயில்லை, மூத்த குழந்தைக்குத் தலசீமியா. நான்கில் ஒன்று என்கிறார்களே, அடுத்த மூன்றும் தப்பிவிடும்தானே?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள். ஹீமோகுளோபினுக்கான பீட்டா குளோபின் மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. உங்கள் இருவரிடமும் ஒன்று பழுது. நல்ல பிரதியே சமாளித்துவிடுவதால் நோயில்லை. ஒவ்வொரு கருவுக்கும் ஆளுக்கொரு பிரதிதான் கொடுக்கிறீர்கள். பழுதானது போய்ச்சேர அரை வாய்ப்பு. இரண்டுமே பழுதாகச் சேர அரையில் அரை, அதாவது கால். மூத்த பிள்ளைக்கு எது போனதென்று அடுத்த கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே கால்தான். ‘பரம்பரையிலேயே இல்லையே’ என்பீர்கள். பழுது ஒற்றையாகவே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டுவது அதன் வழக்கமான அடையாளம். உங்கள் இருவரின் பழுதும் எதுவென்று இப்போதே கண்டறிந்து வைத்தால், அடுத்த கருவை 11ஆம் வாரத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவில் சோதித்துவிடலாம்.