பெயர் போட்டால் போதுமா?

கேள்வி: ஒரு புகைப்படக்காரர் எடுத்த மூதாட்டியின் முகத்தைப் பார்த்து ஓவியம் தீட்ட ஆசை. கீழே புகைப்படக்காரர் பெயரைப் போட்டால் போதும் என்கிறான் நண்பன். அனுமதி கேட்டுக் கடிதம் அவசியமா? – ஓவிய மாணவி, கும்பகோணம்

பதில்: சமையல்காரரைப் புகழ்ந்தால் சாப்பாட்டுக் காசு கழிந்துவிடுமா? பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு.

புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984-ல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் 400 டாலர் கொடுத்து, ஓவியர் பார்த்து வரைய, ஒரே ஒரு முறை வெளியிட உரிமம் வாங்கியது. வரைந்த ஆண்டி வார்ஹோல் ஒன்றோடு நிற்கவில்லை, பதினாறு செய்தார். 2016-ல் பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் இன்னொன்று ஓர் இதழின் அட்டைப்படமானது. வார்ஹோல் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் டாலர்; லின்னுக்கு ஒன்றுமில்லை, பெயர்கூட இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் ஏழுக்கு இரண்டு என்று லின் பக்கம் தீர்ந்தது.

ஆகவே, ‘உங்கள் படத்தைப் பயன்படுத்தலாமா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தப் படம், என்ன அளவு ஓவியம், எத்தனை பிரதி, விற்பனைக்கா கண்காட்சிக்கா, பிறகு அச்சுப்பிரதி போடுவீர்களா என்று எழுதுங்கள். பென்சில் முன்வரைவையும் இணையுங்கள். முகத்தோடு புகைப்படக்காரர் அமைத்த வெளிச்சத்தையும் எடுக்கிறீர்களா என்பது அதில்தான் தெரியும். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எண்ண வேண்டாம். மூதாட்டியின் சம்மதம் உண்டா என்றும் கேளுங்கள். தூரிகையை அதுவரை நனைக்காதீர்கள்.