செம்பில் பெயர், கப்பில் முகம்

கல்லிடைக்குறிச்சியில் முன்பெல்லாம் கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு குடமோ தூக்குச்சட்டியோ வாங்கினால், "என்ன பேர் வெட்டணும்?" என்று கடைக்காரர் கேட்பார். கொடுப்பவரின் பெயர், ஊர், தேதி. சிற்றுளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி எழுத்தைப் புள்ளிகளாக இறக்குவார்கள். மின்சாரக் கருவி பிறகுதான் வந்தது. விசேஷ வீட்டுக்கு இரவல் போன போணி யாருடையது என்று பிரிக்கும்போது அந்த எழுத்துதான் சாட்சி. எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பில் ஆச்சியின் அண்ணன் பெயர் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அவர் முகம்தான் எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது முகமே பரிசாகிவிட்டது. மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, அவரும் அத்தையும் மணக்கோலத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கப்பில் போடக் கொடுத்தோம். கடைத்தம்பி அதை ஸ்கேன் செய்து, இடம் வலமாகத் திருப்பி, சப்ளிமேஷன் மையில் அச்செடுத்தார். தாளில் படம் சோகை பிடித்ததுபோல் வெளிறியிருந்தது. சூடு பட்டால்தான் நிறம் எழும் என்றார். தாளைக் கப்பில் இறுக்கிச் சுற்றி, சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி, அச்சுக்குள் வைத்தார். சுமார் 180 டிகிரி, 3 நிமிடம். அந்தச் சூட்டில் மை ஆவியாகிக் கப்பின் மேலுள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்துவிடும். பூச்சு இல்லாத சாதாரணப் பீங்கானில் படம் ஒழுங்காகப் பிடிக்காது. இந்த மையில் வெள்ளை கிடையாது. அத்தை தலையிலிருந்த மல்லிகைப்பூ கப்பின் வெள்ளைதான்.

முதல் கப்பில் மாமாவின் கறுத்த மீசை பழுப்பாகிவிட்டது. சூடு மிஞ்சியதற்கு அதுதான் அடையாளம். குறைந்திருந்தால் படம் மங்கியிருக்கும். தாள் நகர்ந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல்போல இன்னொரு கோடு விழும். வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தப்பும் குறைகூடக் கறுப்பு வெள்ளையில் பளிச்சென்று தெரியும். அன்று சாரல் வேறு. அப்பளம் காயாத அந்த ஈரக்காற்றைத் தாளும் குடித்துவிடும். அப்படியே அச்சில் வைத்தால் திட்டுத் திட்டாக வருமாம். இரண்டாவது தாளைச் சற்று வாட்டி ஈரம் போக்கி, நேரத்தையும் குறைத்தார். மீசை கறுப்பாகவே வந்தது.

"கம்பி நாரு போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போனா படமும் போயிரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். செம்பில் எழுத்துக்காக உலோகத்தையே குழித்திருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது துலங்கத்தான் செய்யும். கப்பில் இருப்பதோ மெல்லிய பூச்சுக்குள் இறங்கிய சாயம். ஆனால் செம்பு தொலைந்தால் அந்தக் கையெழுத்து திரும்ப வராது. கப்பு உடைந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், கோப்பு இருக்கும்வரை. அதனால் கப்போடு அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். அதில் படத்துக்குக் கீழே இருவர் பெயரையும், ஊரையும், தேதியையும் சேர்க்கச் சொன்னேன்.