வெயிட் மட்டும் பார்ப்போம்

"வெயிட் மட்டும் பார்த்துட்டு வந்துருவோம்" என்று சொல்லித்தான் அக்கா மகளை பஸ் ஏற்றினேன். ஐந்து வயதில் போட வேண்டிய இரண்டாவது டிபிடி பூஸ்டர். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிவகிரியில் இறங்கி நடக்கும்போதே என் பொய்யின் சாயம் வெளுத்துவிட்டது. புதன்கிழமை, தடுப்பூசி நாள். பிள்ளைகளின் அலறல் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. அவள் வராந்தா தூணைக் கட்டிக்கொண்டாள்.

"வலிக்கவே வலிக்காது" என்றேன். நம்பவில்லை. "அழுதா பெரிய ஊசியாப் போட்டுருவாங்க" என்றேன். தூண் இன்னும் இறுகியது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அக்காவுக்கு அடிக்கடி பாடம் நடத்துகிறவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வார்டு நர்ஸ் வந்தார். அவளைத் தொடவில்லை. எட்டி நின்று, அவள் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கொலுசு புதுசா தாயி?"

பதில் இல்லை. "ஆமா சிஸ்டர், போன..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, நீங்க செத்த சும்மா இருங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "பழசு. ஒரு மணி விழுந்துட்டு."

"எங்க விழுந்துச்சு?"

"பஸ்ஸுல." பிறகு மெதுவாக, "ஊசியா?"

நான் கண்ணைக் காட்டினேன். நர்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமா, ஊசிதான்."

"வலிக்குமா?"

"வலிக்கும். ஆனா சுருக்குன்னு ஒருதடவதான். ராத்திரி கை கனமா இருக்கும், காய்ச்சல் வந்தாலும் வரும். அதுக்கு மருந்து தாரேன்."

"நான் அழுவேன்."

"அழு. கைய மட்டும் ஆட்டாத. பாக்குதியா, சன்னல் பக்கம் திரும்பிக்கிடுதியா?"

"திரும்பிக்கிடுதேன்."

தூணை விட்டுவிட்டாள். ஊசி உண்டா இல்லையா என்று நர்ஸ் கேட்கவில்லை. அது முடிவான விஷயம். அவளால் முடிவு செய்யக்கூடியதை மட்டும் கேட்டார்.

உள்ளே போனதும் என் அடுத்த வீரம். கட்டிலில் கிடத்தி இரண்டு கையையும் அமுக்கினேன்.

"அமுக்காதிய அண்ணாச்சி. மல்லாக்கப் போட்டாலே பிள்ளைக்குப் பயம் கூடும். சதை விறைச்சா வலியும் கூடும். மடியில வச்சு அணைச்சுக்கிடுங்க."

பக்கவாட்டில் உட்காரவைத்தேன். அவள் கால்கள் என் முழங்கால்களுக்கு நடுவில், ஒரு கை என் முதுகுக்குப் பின்னால். ஊசி போடும் கையை நர்ஸ் தளர்வாகப் பிடித்துக்கொண்டார். தட்டு அவள் கண்ணில் படாதபடி பின்னால் இருந்தது.

"சூடான பால ஆத்துற மாதிரி ஊது பாப்போம்."

ஊதினாள். அரை மில்லி மருந்து, மேல்கையில். ஒரு 'ஆ'வும் நாலு சொட்டுக் கண்ணீரும் வந்தன. பாசத்தில் நான் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தேன்.

"தேய்க்கவும் கூடாது" என்று பஞ்சை அவள் கையிலேயே கொடுத்தார் நர்ஸ். "நீ பிடிச்சுக்கோ தாயி. மாமாவுக்குத் தெரியல."

அரை மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். அடுத்து வந்த பையனிடம் அவன் அப்பா, "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார்.

"இல்ல, வலிக்கும்" என்றாள் இவள். "ஊதணும்."

கிளம்பும்போது நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க டிடி போட்டு எத்தன வருசம் ஆச்சு? பத்து வருசத்துக்கு ஒருக்கா போடணும்லா?"

"ராஜபாளையம் பஸ் போயிரும் சிஸ்டர்" என்றேன். நாங்கள் போக வேண்டியது தென்காசிப் பக்கம்.