மீடியன் என்னும் மாயமான்

எங்கள் கம்பெனி மார்க்கெட்டின் நடுப்புள்ளியில், அதாவது மீடியனில், சம்பளம் கொடுக்கிறதாம். ஹெச்.ஆர். மேடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். என் வேலைக்கு சம்பள சர்வேயில் கீழ்க் கால்பகுதியின் எல்லை 9 லட்சம், மீடியன் 12, மேல் கால்பகுதியின் எல்லை 16. “உங்களுக்கு 10.80 சார். மீடியன்ல 90 சதவீதம். 80 முதல் 120 வரைக்கும் நார்மல்தான்.”

நார்மல் என்று டாக்டர் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வரும். “மேடம், சர்வே எந்தத் தேதிக்கு?”

போன வருஷ ஏப்ரலாம். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் சம்பளம் 9 சதவீதம் ஏறியிருப்பதாக ஹெச்.ஆர். ஆட்களே பட்ஜெட்டில் எழுதியிருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் மீடியன் 13.08. பழைய காலண்டரில் முகூர்த்தம் பார்த்த கதை.

போகட்டும், பெரிய கூத்து வேறு. சர்வேயில் இருப்பது வெறும் அடிப்படைச் சம்பளம். என் 10.80-இல் 1.20 லட்சம் போனஸ், அதுவும் வந்தால்தான் உண்டு. ஆப்பிளையும் ஆப்பிள் ஜூஸையும் ஒரே தராசில் வைத்திருக்கிறார்கள். போனஸைக் கழித்தால் 9.60, புது மீடியனில் 73 சதவீதம். கீழ் எல்லையும் 9.81-க்கு ஏறிவிட்டதால், நான் இப்போது கடைசிக் கால்பகுதியில்.

மேடம் கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க வேலையை ஒரு லெவல் கீழே மேட்ச் பண்ணிப் பார்க்கலாமா சார்? அப்போ மீடியனைத் தாண்டிடுவீங்க.”