சுவருக்குள்ளே ஒயர்

கேள்வி: டிவி மாட்ட ஓட்டை போடணும். சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுதுன்னு தெரியலை. வயரிங் பண்ணினவர் போனையே எடுக்க மாட்டேங்கிறார்.
- வாசகர், ஆலங்குளம்

பதில்: அவர் எடுக்காவிட்டால் போகிறார், சுவிட்ச் பெட்டி சொல்லிவிடும். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணையுங்கள். மெயினை இறக்கினாலும் ஃபேன், லைட் லைனில் அது கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு சுவிட்ச் தட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, பைப் எந்தப் பக்கமாகப் பெட்டிக்குள் நுழைகிறது என்று பாருங்கள். நம்மூரில் பெரும்பாலும் கூரைத் தளத்திலிருந்து நேராக இறங்கும். சிலர் பைப்பை மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டி, பக்கத்து பிளக்கோடு படுக்கையாக இணைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும், அரை அடி அகலப் பட்டையை விலக்கிவிடுங்கள். டிவிக்குக் கீழேயே பிளக் இருந்தால், பிராக்கெட்டின் நடு ஓட்டைகளை விட்டு ஓர ஓட்டைகளில் ஸ்க்ரூ போடலாம்.

தொடாமலே கத்தும் பேனா டெஸ்டரை முழுக்க நம்பாதீர்கள். கரண்ட் ஓடாத ஒயரைப் பார்த்தால் அதுவும் வாய் திறக்காது. அதனால் தட்டை மூடி, மெயினைப் போட்டு, எல்லா சுவிட்சையும் ஆன் செய்துவிட்டுச் சுவரைத் தடவுங்கள்.

துளைக்கும்போது மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். டிரில்லுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள், ஒரு காபி செலவுதான். மெதுவாகப் போங்கள். செங்கல் சுவரில் முதலில் சாம்பல் நிறப் பூச்சுத்தூள், அடுத்து சிவப்புத்தூள் வரும். சிவப்புக்குப் பதில் பிளாஸ்டிக் சுருள் வந்தால் அது பைப். அங்கேயே நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் இந்த முறையாவது எடுக்கட்டும்!