முப்பது காகங்கள்

1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. நின்றது என்றால் ஆண்டுக்கணக்கில். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். நான் பாடசாலை மேடைகளுக்கு நாடகம் எழுதப் பழகியது அந்தக் காலத்தில்தான். ஜாம் போத்தல் விளக்கு, பக்கத்தில் ஒரு கொப்பி. எல்லாவற்றுக்கும் பஞ்சம், எழுத்தில் மட்டும் ஊதாரித்தனம். "கடும் புயல். கடல் பொங்குகிறது. ஊரே ஓடுகிறது" என்று கூசாமல் எழுதுவோம். தகரத்தை ஆட்ட ஒரு பெடியன், நீலச் சேலையை இரண்டு பக்கமும் பிடித்து அசைக்க இரண்டு பேர், ஓட நாலு பேர். புயல் வந்துவிடும்.

இப்போது கோண்டாவிலில் மருமகனின் மேசையில் கரண்டும் உண்டு, இணையமும் உண்டு, படம் வரைய விலை உயர்ந்த கணினியும் உண்டு. நாலு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றுக்கு என்னை எழுதச் சொன்னான். கத்தரித் தோட்டத்து வெருளி ஒன்றும் சில காகங்களும்தான் கதை. (நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் வெருளியைப் படித்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?) "காகங்கள் கூட்டமாக வந்து தோட்டத்தை மொய்க்கின்றன" என்று தொடங்கினேன்.

"எத்தினை காகம் மாமா?"

"கூட்டம் எண்டா ஒரு முப்பது வையன்."

பெடியன் சண்டை பிடிக்கவில்லை, கணக்குத்தான் சொன்னான். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி வைத்தாலும் விநாடிக்கு 12 படம். காகம் பத்து விநாடி பறந்தால் 120 படம். முப்பது காகத்துக்கு 3,600. ஒரு காகத்தை வரைந்து கணினியில் நகல் எடுக்கலாமே என்றேன். எடுக்கலாமாம். ஆனால் நேரத்தை மாற்றி மாற்றி வைக்காவிட்டால் முப்பதும் சாரணர் அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்தில் செட்டை அடிக்குமாம். கரண்ட் இல்லாத காலத்தில் ஒரு வரியில் ஊரையே ஓடவைத்தவன், கரண்ட் வந்த காலத்தில் காகத்துக்குப் பங்கீட்டு அட்டை போட்டேன். மூன்று காகம்.

அடுத்து அவன் பிடித்த வரி, "வெருளிக்குத் தன் தனிமை உறைக்கிறது." மேடையில் இது நல்ல வரி. நடிகன் வாசிப்பான், நெஞ்சில் கை வைப்பான், மீதியை அவன் முகம் பார்த்துக்கொள்ளும். அனிமேஷனில் முகமே இன்னும் பிறக்கவில்லை. எழுதாதது எதுவும் தற்செயலாகக்கூடத் திரைக்கு வராது. அதனால் செயல் வரியில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே, அதுவும் நிகழ்காலத்தில். வரி இப்படி மாறியது: "காகங்கள் பறந்த திக்கை வெருளி பார்த்தபடி நிற்கிறது. காற்று. தலைச் சட்டி மெல்ல ஒரு பக்கம் சரிகிறது." தனிமை என்ற சொல் போய்விட்டது. அவன் வரைவதற்கு ஒரு சட்டி கிடைத்தது.

காட்சித் தலைப்பு என்பது எங்களுக்கு அந்நாளில் ஓர் அலங்காரம். காட்சி 3, இடம், பாத்திரங்கள் என்று எழுதிக் கீழே ஒரு கோடு. இங்கே அது பற்றுச்சீட்டு. உள்ளா வெளியா, எந்த இடம், எந்த வேளை என்ற மூன்றும் ஒரே வரியில் வரவேண்டும். "கத்தரித் தோட்டம் - காலை" என்றால் ஒரு பின்னணி ஓவியம். அதே தோட்டம் "மாலை" என்றால் வெயிலும் நிழலும் மாறி இன்னொன்று. ஆசைக்கு ஓர் "அதிகாலை" சேர்த்தால் இன்னொரு முறை தீட்டவேண்டும். என் நாடகங்களில் விடியாத காட்சியே கிடையாது. இந்தப் படத்தில் ஒரேயொரு தரம்தான் விடிகிறது.

பக்கத்தின் அமைப்பும் வேறு. கொப்பிக்கு அலைந்த நாளில் ஓரம் விட்டு எழுதினால் வீட்டில் ஏச்சு விழும். விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுதினோம். திரைக்கதை வடிவத்திலோ இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் வெறுமை. வசனம் இரண்டரை அங்குலம் தள்ளித்தான் தொடங்கும், பேசுபவரின் பெயர் இன்னும் உள்ளே. தாளை வீணாக்கும் கொழுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது: பின்னணி தீட்டுபவர் தலைப்பை மட்டும் பார்ப்பார், அசைவு வரைபவர் செயல் வரியை, குரல் கொடுப்பவர் நடுவில் ஓடும் ஒடுங்கிய பத்தியை. ஒருவருக்குரியது மற்றவரின் வரியோடு ஒட்டக்கூடாது.

இந்த இடைவெளிகளைத் தானாகவே போடுகிற Fountain என்ற எளிய எழுத்துமுறை 2012இல் வந்தது. சாதாரணக் கோப்பில் தட்டினால் போதும், திரைக்கதை மென்பொருள் அதைப் படித்து அடுக்கிவிடும். ஆனால் INT, EXT என்று தொடங்கினால்தான் தலைப்பு என்று அதற்குத் தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் பாத்திரத்தின் பெயர் என்று தெரியும். தமிழில் ஏது பெரிய எழுத்து? அப்படியே தட்டினால் பெயர், வசனம், செயல் எல்லாம் இடப்பக்கம் ஒரே கட்டியாய் விழும், பக்கத்திலுள்ள காட்சிப் பட்டியலும் வெறுமையாய்க் கிடக்கும். மருந்து இரண்டு குறிகள்: தலைப்புக்கு முன் ஒரு புள்ளி, பெயருக்கு முன் @.

```
.வெளி. கத்தரித் தோட்டம் - காலை

வெருளி நிற்கிறது. கரிச்சட்டித் தலை,
சுண்ணாம்புக் கண். வாய் அசையாது.

மூன்று காகங்கள் வேலியில் குந்துகின்றன.

@மூத்த காகம்
(மெல்ல)
உது மனிசன் இல்லையடா.
```

"வாய் அசையாது" என்ற இரண்டு சொல்லைக் கவனிக்கவும். சட்டியில் கீறிய வாய் எப்படி அசையும்? அந்த ஒரு குறிப்பால் வெருளி பேசும் இடமெல்லாம் உதடு பொருத்தும் வேலை இல்லாமல் போனது. மருமகன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு வரிக்குத்தான்.

என்னிடம் பழைய நாடகங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றைத் திரைக்கதை மென்பொருளில் ஒட்டினால் "காட்சி" என்பது fhl;rp என்று தெரியும். பெயர் வரியை அந்த மென்பொருள் தானாகப் பெரிய எழுத்தாக்கினால் இன்னும் விசேடம்: பாமினியில் f என்பது க, F என்பது கு. கந்தசாமி குந்தசாமியாகும் வழியில் நிற்பார். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

தமிழில் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்வது ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவின் 12 புள்ளி அளவை வைத்துப் போட்ட கணக்கு. நம்முடைய சொல்லும் நீளம், எழுத்தின் அகலமும் வேறு. பக்கத்தை எண்ணி நம்பவேண்டாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள், செயல் வரிகளை நடித்துப் பாருங்கள். வெட்டுவதை அப்போதே வெட்டிவிடுங்கள். அனிமேஷனில் பெரும்பாலும் குரலைப் பதிந்த பிறகுதான் படம் வரைவார்கள்; அதன்பின் நீங்கள் மாற்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொருவர் திரும்ப உட்கார்ந்து வரையவேண்டும்.